ஈஎஸ்பிஎல் சிறுநீர்த் தொற்று: மாத்திரை எங்கே போதும், கார்பபெனெம் ஊசி எப்போது தேவை?

புது தில்லி: சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை அறிக்கையில் ‘ஈஎஸ்பிஎல் உற்பத்தி செய்யும் கிருமி’ என்ற ஒரு வரி இடம்பெற்றுவிட்டால், அதைப் படிக்கும் நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் கலக்கம் ஏற்படுவது இயல்பு. வழக்கமாகத் தரப்படும் செஃபிக்சைம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளுக்கு எதிரே ‘கட்டுப்படாது’ என்று பொருள்படும் ‘ஆர்’ என்ற குறியீடு வரிசையாக நிற்கும். பட்டியலின் இறுதியில் மெரோபெனெம் என்ற ஊசி மருந்துக்கு எதிரே மட்டும் ‘கட்டுப்படும்’ என்று பொருள்படும் ‘எஸ்’ காணப்படும். உடனே மருத்துவமனையில் சேர்ந்து ஒரு வாரம் ஊசி போட்டுக்கொள்வதே ஒரே வழி என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுகின்றனர்.

ஆனால் அறிக்கையில் வந்துள்ள கிருமியின் பெயரை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்க இயலாது. தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றிருக்கிறதா, சிறுநீரகம் வரை ஏறிவிட்டதா, ரத்தத்தில் கலந்துவிட்டதா என்பதே மருந்தைத் தீர்மானிக்கிறது. சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்றுக்குப் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள வாய்வழி மருந்துகள் இன்றும் பலனளிக்கின்றன. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, கிருமி வாய்வழி மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிலையிலும், ரத்தத்தில் தொற்று பரவிய நிலையிலும்தான் கார்பபெனெம் வகை ஊசி மருந்துகள் முதன்மை இடம் பெறுகின்றன. இந்த இரு நிலைகளுக்கும் இடையிலான கோடு மங்கிப்போவதே இந்தியாவில் இன்றைய சிக்கல்.

ஈஎஸ்பிஎல் என்பது என்ன?

ஈஎஸ்பிஎல் என்பது கிருமியின் பெயர் அன்று. கிருமி சுரக்கும் நொதியின் பெயர். பென்சிலின், செஃபலோஸ்போரின் ஆகிய இரு பெரும் மருந்துக் குடும்பங்களின் மூலக்கூறுகளிலும் ‘பீட்டா லேக்டம்’ எனப்படும் வளையம் ஒன்று உண்டு. மருந்தின் ஆற்றல் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. ஈஎஸ்பிஎல் நொதி அதை அறுத்துவிடுவதால் மருந்து செயலிழக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஈ.கோலை, அதற்கு அடுத்த நிலையில் உள்ள கிளெப்சியெல்லா ஆகிய இரு பாக்டீரியாக்களிலும் இந்த நொதி பரவலாகக் காணப்படுகிறது. கார்பபெனெம் குடும்பத்தைச் சேர்ந்த மெரோபெனெம், இமிபெனெம், எர்டாபெனெம் ஆகியவற்றை இந்த நொதியால் சிதைக்க முடியாது. அவை உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த நொதிகளில் உலகெங்கும் மிக அதிகமாகப் பரவியுள்ள ‘சிடிஎக்ஸ்-எம்-15’ வகைக்கு இந்தியாவுடன் நேரடித் தொடர்பு உண்டு. 1999-ல் புது தில்லி மருத்துவமனை ஒன்றில் சேகரிக்கப்பட்ட பாக்டீரியாக்களில்தான் அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டு, 2001-ல் ஆய்விதழில் பதிவானது. நொதிக்கான மரபணு, பிளாஸ்மிட் எனப்படும் வட்ட வடிவ டிஎன்ஏ துண்டில் அமர்ந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. பெரும்பாலும் அதே துண்டில் வேறு சில மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்களும் சேர்ந்தே பயணிக்கின்றன. ஈஎஸ்பிஎல் கிருமிகளில் பல, அந்த நொதியோடு எந்தத் தொடர்பும் இல்லாத கோ-டிரைமாக்சசோல் போன்ற மருந்துகளுக்கும் கட்டுப்படாமல் இருப்பதற்கு இந்தக் கூட்டுப் பயணம் முக்கியக் காரணம். சிப்ரோஃப்ளாக்சசினுக்கான எதிர்ப்பும் இக்கிருமிகளில் மிகுதியாகவே உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

சிகிச்சை எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதை விளக்க, கற்பனையான ஒரு நிகழ்வைக் கருத்தில் கொள்ளலாம். நீரிழிவு நோயுள்ள 48 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று நாள்களாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை செல்ல வேண்டிய நிலை, அடிவயிற்றில் வலி. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிய செஃபிக்சைம் மாத்திரையால் பலனில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, விலாப்புற வலி ஆகிய எதுவும் இல்லை.

மருத்துவர் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கிறார். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும் கிருமிநீக்கம் செய்த குப்பியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லையெனில் தோலில் உள்ள கிருமிகள் குப்பியில் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். இரண்டு நாள்கள் கழித்து வரும் அறிக்கையில் ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈ.கோலை பாக்டீரியாக்கள் இருப்பதாகவும், அவை ஈஎஸ்பிஎல் வகை என்றும் குறிப்பிடப்பட்டுள்ளது. செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் கோ-டிரைமாக்சசோலுக்கும் ‘ஆர்’. நைட்ரோஃபுரான்டோயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், எர்டாபெனெம், மெரோபெனெம் ஆகியவற்றுக்கு ‘எஸ்’. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகச் செயல்பாடு இயல்பாக உள்ளது.

இந்தப் பெண்ணுக்கு ஊசி தேவையில்லை. நைட்ரோஃபுரான்டோயின் 100 மில்லி கிராம், நீடித்து வெளியாகும் வகை, நாள்தோறும் இருவேளை உணவுடன், ஐந்து நாள்களுக்குக் கொடுப்பதே முதல் தெரிவு. நீரிழிவு இருப்பதும், அறிக்கையில் ஈஎஸ்பிஎல் என்று வந்திருப்பதும் மட்டுமே அவரை மருத்துவமனையில் சேர்க்கக் காரணமாகா.

சிறுநீர்ப்பையில் வேலை செய்யும் மருந்துகள்

அமெரிக்கத் தொற்றுநோய்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிறுநீர்ப்பையோடு நின்ற ஈஎஸ்பிஎல் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டோயின், கோ-டிரைமாக்சசோல் ஆகிய இரண்டையும் முதன்மை மருந்துகளாகக் குறிப்பிடுகிறது. கிருமி அவற்றுக்குக் கட்டுப்படும் என்று பரிசோதனை காட்டியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கார்பபெனெம் ஊசி இந்நிலையில் மாற்று மருந்தாகவே வைக்கப்பட்டுள்ளது. அது கிருமியைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை; எளிய மருந்தே போதுமான இடத்தில் அதைச் செலவழிக்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

நைட்ரோஃபுரான்டோயின் 1950-களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஈ.கோலை அதற்கு எதிராகப் பெரிய அளவில் தற்காப்பைப் பெறாமல் இருப்பதற்கு, அம்மருந்து கிருமியைப் பல முனைகளில் ஒரே நேரத்தில் தாக்குவது காரணமாகக் கூறப்படுகிறது. மருந்து உடலுக்குள் சென்றதும் விரைவாக வடிகட்டப்பட்டுச் சிறுநீரில் செறிவாகச் சேர்கிறது. ரத்தத்திலும் திசுக்களிலும் தங்குவது மிகக் குறைவு. அதன் பலமும் வரம்பும் இந்த ஓர் இயல்பிலேயே அடங்கியுள்ளன. சிறுநீர்ப்பையில் உள்ள கிருமியை அழிக்கும் அதே மருந்து, சிறுநீரகத் திசுவில் புகுந்துவிட்ட கிருமியை எட்டுவதில்லை. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் தொற்று இருக்கும் என்ற ஐயம் எழுந்தால் அங்கும் அது பயன்படாது.

சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இம்மருந்து சிறுநீரில் போதிய அளவு சேராது, பக்கவிளைவுகளோ கூடும். பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், ஜி6பிடி எனப்படும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதைத் தவிர்ப்பது வழக்கம். ஐந்து நாள் சிகிச்சையில் சிறுநீர் பழுப்பு நிறமாக மாறுவது அச்சப்பட வேண்டியதன்று. ஆனால் தொற்று வராமல் தடுக்கவென்று மாதக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு ஏற்படலாம் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு தேவை.

இரண்டாவது வாய்ப்பான ஃபாஸ்ஃபோமைசின், 3 கிராம் தூளாகப் பொட்டலத்தில் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்து ஒருமுறை குடித்தால் போதும். ஒரே வேளையில் முடிந்துவிடும் எளிமை இருந்தாலும், பலனில் அது சற்றுப் பின்தங்குகிறது. சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்றுள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஐந்து நாள் நைட்ரோஃபுரான்டோயின் எடுத்துக்கொண்டவர்களில் 70 சதவீதம் பேர் 28-வது நாளில் குணமடைந்திருந்தனர். ஒருவேளை ஃபாஸ்ஃபோமைசின் எடுத்துக்கொண்டவர்களில் இது 58 சதவீதமாக இருந்தது.

ஃபாஸ்ஃபோமைசினைப் பொறுத்தவரை, அறிக்கையில் உள்ள கிருமியின் பெயரையும் கவனிக்க வேண்டும். ஈ.கோலை என்றால் அம்மருந்து பொருத்தமானது. கிளெப்சியெல்லா என்றால் நிலைமை வேறு. அக்கிருமியிடம் இயற்கையாகவே ஃபாஸ்ஃபோமைசினைச் செயலிழக்கச் செய்யும் மரபணு பரவலாக உள்ளது. ஆய்வகத் தட்டில் ‘எஸ்’ என்று தெரிந்தாலும் நோயாளியின் உடலில் மருந்து தோற்றுப்போக வாய்ப்புண்டு. இதனால்தான் வழிகாட்டுதல்கள் இதை ஈ.கோலைக்கு மட்டுமே பரிந்துரைக்கின்றன.

வாய்வழி மருந்துகள் எதுவும் பொருந்தாத நிலையில், அமிகாசின் போன்ற அமினோகிளைகோசைடு ஊசியை ஒரே ஒருமுறை செலுத்துவதும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்குப் போதுமானதாக இருக்கலாம். அதுவும் சிறுநீரில் செறிந்து சேரும் மருந்து. கார்பபெனெம் வரை செல்வதற்கு முன் இப்படி ஒரு படி இருப்பது பல வேளைகளில் மறந்துபோகிறது.

இதற்கு மாறாக, அறிக்கையில் ‘எஸ்’ என்று காட்டினாலும் நம்பி இறங்கக் கூடாத மருந்துகளும் உண்டு. அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் அவற்றுள் ஒன்று. அதில் உள்ள கிளாவுலானிக் அமிலம் ஆய்வகத்தில் ஈஎஸ்பிஎல் நொதியைத் தடுக்கக்கூடியதுதான் என்றாலும், நோயாளிகளிடம் தோல்வி விகிதம் கூடுதலாக இருப்பதால் ஈஎஸ்பிஎல் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அதை 2024 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.

அறிகுறியே இல்லாதவரின் சிறுநீரில் ஈஎஸ்பிஎல் கிருமி காணப்பட்டால் சிகிச்சையே தேவையில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவிருப்போர் ஆகியோர் இதற்கு விதிவிலக்கு. மற்றவர்களுக்கு, எரிச்சலோ வலியோ காய்ச்சலோ இல்லாதபோது, பொது உடல் பரிசோதனையில் தற்செயலாக வந்த அறிக்கையைக் கண்டு மருந்து தொடங்குவது, அடுத்த முறை உண்மையான தொற்று வரும்போது மருந்து பலிக்காத நிலைக்கே வழிவகுக்கும்.

சிறுநீரகம் வரை ஏறினால்

மேற்கண்ட அதே பெண்ணுக்கு, சில மாதங்கள் கழித்து 102 டிகிரி காய்ச்சல், உடலைத் தூக்கிப்போடும் குளிர் நடுக்கம், வலது விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் கடும் வலி, வாந்தி ஆகியவை ஏற்படுவதாகக் கொள்வோம். கல்ச்சர் அறிக்கை முன்பு வந்ததைப் போலவே வருகிறது. நைட்ரோஃபுரான்டோயினுக்கு எதிரே ‘எஸ்’ இப்போதும் இருக்கிறது. ஆனால் சிகிச்சை முற்றிலும் வேறு. காய்ச்சலும் விலாப்புற வலியும் தொற்று சிறுநீரகத்தை அடைந்துவிட்டதைக் காட்டுகின்றன. நைட்ரோஃபுரான்டோயினும் வாய்வழி ஃபாஸ்ஃபோமைசினும் அங்கே எட்டாதவை. அறிக்கை சிறுநீரில் உள்ள கிருமியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கிருமி உடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நோயாளியின் அறிகுறிகளே சொல்கின்றன.

இந்நிலையில் மருந்து தொடங்குவதற்கு முன் ரத்தத்தையும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம். சிறுநீரகத் தொற்றுக்கு வழிகாட்டுதல் முதலில் கூறுவது கோ-டிரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவற்றையே. இவை வாய்வழியாகவே சிறுநீரகத் திசுவைப் போதிய அளவில் அடைபவை. கிருமி அவற்றில் ஒன்றுக்குக் கட்டுப்பட்டு, நோயாளியால் மாத்திரையை விழுங்க முடியுமானால், சிறுநீரகத் தொற்றுக்கும் கார்பபெனெம் இன்றியே சிகிச்சையை முடிக்கலாம். இந்தப் பெண்ணின் அறிக்கையில் அவை யாவும் ‘ஆர்’. வாந்தியும் இருக்கிறது. ஆகவே இங்கே கார்பபெனெம் நியாயமான தெரிவாகிறது.

கார்பபெனெம்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. நிலையான ரத்த அழுத்தத்துடன் இருக்கும் நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் எர்டாபெனெம் ஒரே வேளையாகப் போதும். முதல் ஓரிரு நாள்களில் காய்ச்சல் தணிந்தால், மீதமுள்ள ஊசிகளை வீட்டிலிருந்து வந்து போட்டுக்கொள்ளவும் முடியும். மெரோபெனெம் பொதுவாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்தப்படுவதால் மருத்துவமனையில் தங்க நேரிடுகிறது. ரத்த அழுத்தம் சரிந்த நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்களுக்கும் ரத்தத்தில் அல்புமின் புரதம் மிகக் குறைந்தவர்களுக்கும் எர்டாபெனெமைத் தவிர்த்து மெரோபெனெம் அல்லது இமிபெனெம் தரப்படுகிறது.

அமிகாசின் ஊசியும் சிறுநீரகத் தொற்றுக்கு ஒரு மாற்றுதான். ஆனால் நாள்கணக்கில் தொடரும்போது சிறுநீரகத்துக்கும் செவித்திறனுக்கும் கேடு விளைவிக்கக்கூடியது என்பதால், முதியவர்களிடமும் நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்களிடமும் மருத்துவர்கள் தயங்குகின்றனர்.

சிகிச்சை சரியான திசையில் செல்கிறதா என்பதை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அறியலாம். காய்ச்சல் இறங்கி, பசி திரும்பினால் பெரும்பாலும் ஏழு நாள்கள் போதும். கிருமி கட்டுப்படும் மருந்து முதன்முதலில் உடலில் சென்ற நாளிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. அந்தக் கால அளவுக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தால், ஊசியை இன்னும் வலுவானதாக மாற்றுவதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கல் அடைத்திருந்தாலோ சீழ்க்கட்டி உருவாகியிருந்தாலோ, அடைப்பை நீக்கிச் சீழை வடிக்காமல் எந்த மருந்தும் பலிக்காது.

‘மெரினோ’ ஆய்வு தந்த எச்சரிக்கை

கார்பபெனெமைச் சேமிக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லை மீறினால் உயிருக்கே ஆபத்து என்பதை 2018-ல் வெளியான ‘மெரினோ’ ஆய்வு காட்டியது. செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா ரத்தத்தில் கலந்த நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மெரோபெனெமும் மற்றொரு பிரிவுக்குப் பிப்பராசிலின்-டாசோபாக்டமும் தரப்பட்டன. இரண்டாவது மருந்துக்கும் கிருமி கட்டுப்படும் என்றே ஆய்வக அறிக்கைகள் கூறியிருந்தன. 30 நாள்களுக்குள் மெரோபெனெம் பிரிவில் 3.7 சதவீதம் பேரும் மற்றப் பிரிவில் 12.3 சதவீதம் பேரும் உயிரிழந்தனர். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று தொடங்கிய இடம் சிறுநீர்ப் பாதையே.

ஒன்பது நாடுகளில் நடத்தப்பட்ட அந்த ஆய்வில் இந்தியா இடம்பெறவில்லை. எனினும் அதன் முடிவு இங்கும் நடைமுறையை மாற்றியது. ரத்தத்தில் ஈஎஸ்பிஎல் தொற்று உறுதியானால் தொடக்கத்தில் கார்பபெனெம் தருவதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதை எப்போது நிறுத்துவது என்பதே அடுத்த கேள்வி. காய்ச்சல் தணிந்து, தொற்றின் ஊற்று கட்டுக்குள் வந்து, கிருமி கட்டுப்படும் வாய்வழி மருந்து ஒன்று இருக்குமானால் மாத்திரைக்கு மாற்றிவிடலாம் என்று வழிகாட்டுதல் கூறுகிறது. கார்பபெனெமில் தொடங்கியவர் அதிலேயே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தியாவின் இடைவெளி

இங்கேதான் வெளிநாட்டு வழிகாட்டுதலுக்கும் இந்திய யதார்த்தத்துக்கும் இடையே விரிசல் தென்படுகிறது. சிறுநீரகத்தை எட்டக்கூடிய வாய்வழி மருந்துகளான சிப்ரோஃப்ளாக்சசினும் கோ-டிரைமாக்சசோலும் இந்திய ஈஎஸ்பிஎல் கிருமிகளில் பெரும்பகுதிக்கு எதிராகப் பயனற்றுவிட்டன. சிறுநீர்ப்பைக்கு மாத்திரை உண்டு. சிறுநீரகத்துக்கு மாத்திரை அரிது. இதனால் ஊசியில் தொடங்கிய சிகிச்சையை மாத்திரைக்கு மாற்ற முடியாமல் முழுக் காலமும் ஊசியிலேயே தொடரும் நிலை ஏற்படுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பும் மருந்தாக ஃபாரோபெனெம் என்ற மாத்திரை இந்தியச் சந்தையில் பரவலாக விற்பனையாகிறது. இது கார்பபெனெமுக்கு நெருங்கிய உறவான பெனெம் வகையைச் சேர்ந்தது. ஈஎஸ்பிஎல் நொதியால் எளிதில் சிதையாதது. ஆனால் வாய்வழியாக உட்கொள்ளும் மருந்தில் ஒரு பகுதியே உடலில் சேர்கிறது. ஈஎஸ்பிஎல் சிறுநீரகத் தொற்றில் அதன் பலனை உறுதிசெய்யும் வலுவான ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. கிருமி எந்த அளவில் கட்டுப்படும் என்பதற்கான வரையறையையும் பன்னாட்டு ஆய்வகத் தர அமைப்புகள் வகுக்கவில்லை. எனவே அறிக்கையில் ஃபாரோபெனெமுக்கு எதிரே ‘எஸ்’ என்று அச்சிடப்பட்டிருந்தாலும் அதன் பொருள் உறுதியானதன்று. கார்பபெனெமை ஒத்த ஒரு மருந்து மாத்திரையாக எளிதில் கிடைப்பது, நாளடைவில் கார்பபெனெமுக்கும் கட்டுப்படாத கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிடும் என்ற கவலையும் நிபுணர்களிடையே உள்ளது.

அந்தக் கவலைக்குப் பின்னணி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கண்காணிப்பு வலையமைப்பு வெளியிட்ட தரவுகளின்படி, ஈ.கோலை கிருமிகளில் இமிபெனெமுக்குக் கட்டுப்படாதவற்றின் பங்கு 2016-ல் 14 சதவீதமாக இருந்து 2021-ல் 36 சதவீதமாக உயர்ந்தது. இந்த வலையமைப்பில் பெரிய மருத்துவமனைகளே மிகுதி என்பதால், வீட்டிலிருந்து வரும் சாதாரண நோயாளிகளுக்கு இதே விகிதத்தைப் பொருத்த இயலாது. எனினும் போக்கு தெளிவானது. ஈஎஸ்பிஎல் கிருமிக்கு எதிராகக் கைவசம் உள்ள கார்பபெனெம் தோற்கும் நாளில், அதற்கு அடுத்து இருப்பவை மிகச் சிலவும் விலை மிகுந்தவையும் ஆன மருந்துகளே.

சென்னையிலிருந்து ஒரு மாற்று

கார்பபெனெமின் சுமையைக் குறைக்கும் முயற்சியில் இந்தியாவின் பங்களிப்பும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்க்கிட் ஃபார்மா நிறுவனத்தில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு, ஈஎஸ்பிஎல் நொதியைத் தடுத்து, உடன் தரப்படும் செஃபெபைம் மருந்தைக் காக்கிறது. சிறுநீரகத் தொற்று உள்ளிட்ட சிக்கலான சிறுநீர்த் தொற்றுகளில் நடத்தப்பட்டு 2022-ல் வெளியான ஆய்வில், இக்கூட்டு மருந்து 79.1 சதவீதம் பேருக்கும், ஒப்பிடப்பட்ட பிப்பராசிலின்-டாசோபாக்டம் 58.9 சதவீதம் பேருக்கும் முழுப் பலன் தந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இதற்கு ஒப்புதல் அளித்தது. இருப்பினும் இதுவும் ஊசிதான். மேலும், அந்த ஆய்வில் ஒப்பிடப்பட்டது மெரோபெனெமுடன் அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பதிவேடும் மருந்துச் சீட்டும்

கார்பபெனெம், ஃபாரோபெனெம், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஆகியவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ‘எச்1’ அட்டவணையில் அடங்குகின்றன. மருத்துவரின் சீட்டு இன்றி இவற்றை விற்கக் கூடாது. விற்பனை விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கேரளத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024-ல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில் மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. எனினும் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவது நாட்டின் பல பகுதிகளில் இன்றும் தொடர்கிறது.

மேலே கண்ட எடுத்துக்காட்டும் அப்படித்தான் தொடங்கியது. கல்ச்சர் பரிசோதனை இன்றி வாங்கிய செஃபிக்சைம், அந்தப் பெண்ணின் சிறுநீர்ப்பையில் இருந்த ஈஎஸ்பிஎல் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. குடலில் இருந்த மற்றக் கிருமிகளை அழித்து அதற்கு இடம் ஒதுக்கித் தந்தது. முதல் முறை அவருக்குத் தேவைப்பட்டது ஐந்து நாள் மாத்திரை. இரண்டாம் முறை தேவைப்பட்டது கார்பபெனெம் ஊசி. முதல் முறையே ஊசி போட்டிருந்தால் அது வீண். இரண்டாம் முறை மாத்திரையோடு நின்றிருந்தால் அது ஆபத்து. இரு முறையும் அறிக்கையில் இருந்த வரிகள் ஒன்றே என்பதால், அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பி மருந்து கேட்பதைவிட, காய்ச்சல் உண்டா, விலாப்புற வலி உண்டா என்று நேரில் ஆராயும் மருத்துவரிடம் அதைக் கொண்டுசெல்வதே பாதுகாப்பானது.